தோல், தண்டு, காம்பு: காசிப்பூர் குப்பை மலைக்குப் போவதை தட்டுக்குக் கொண்டு வருவது எப்படி?

டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 3-ல் வாடகைக்கு இருப்பவர்களுக்கு காசிப்பூர் குப்பை மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. காற்று திரும்பினால் வாசனையே சொல்லிவிடும். 1984-ல் தொடங்கிய இந்தக் கிடங்கின் கொள்ளளவு 2002-லேயே முடிந்துவிட்டது. அதன் பிறகும் குப்பை வந்துகொண்டே இருந்தது. 2017-ல் ஒரு பகுதி சரிந்து இருவர் இறந்தார்கள்.

அங்கே அடிக்கடி தீப்பிடிக்க முக்கியக் காரணம் ஈரக்குப்பை. காய்கறித் தோலும் தண்டும் காற்றுப் புகாமல் அடியில் அழுகும்போது மீத்தேன் வாயு உருவாகிறது. வெயில் காலத்தில் அது பற்றிக்கொள்கிறது. அந்த ஈரக்குப்பையில் கொஞ்சம் நம் கிச்சனிலிருந்தும் போகிறது. அதில் எதைச் சமைக்கலாம், எதைக் கூடாது?

தோல்: துவையலுக்கு

நம்ம ஊர் பாட்டிகள் பீர்க்கங்காய்த் தோலை என்றைக்கும் தூக்கிப் போட்டதில்லை. அரை கிலோ காய் வாங்கினால், முதலில் கூரான வரம்புகளை மட்டும் சீவி எறிந்துவிடுங்கள். அது எவ்வளவு வதக்கினாலும் நார்தான். அடுத்து சீவும் பச்சைத் தோல்தான் நமக்கு வேண்டும்.

எண்ணெயில் 2 ஸ்பூன் உளுத்தம்பருப்பு, 3 காய்ந்த மிளகாய், பெருங்காயம் வறுத்துத் தனியே எடுங்கள். அதே வாணலியில் தோலை மிதமான தீயில் 7, 8 நிமிடம் வதக்குங்கள். தோல் சுருங்கி, பச்சை வாசனை போயிருக்க வேண்டும். அவசரப்பட்டு அரைத்தால் துவையல் முழுக்கப் புல் வாசனை அடிக்கும். கொஞ்சம் புளி, உப்பு சேர்த்து, தண்ணீர் அதிகம் விடாமல் கொரகொரப்பாக அரைத்தால் போதும்.

சுரைக்காய்த் தோலிலும் இதே துவையல் வரும். ஆனால் வெட்டியதும் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, தோல் மட்டுமல்ல, முழுக்காயையும் எறியுங்கள். கசப்புக்குக் காரணமான குக்குர்பிட்டசின் நச்சு சமைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய் உயிருக்கே ஆபத்தாகலாம்.

தண்டு: பொரியலுக்கு

குளிர்காலத்தில் ரேடியில் வரும் கோபியை இலையோடுதான் எடை போடுகிறார்கள். அதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுக்கிறோம். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டியைக் கேட்டால், தண்டை இஞ்சி போட்டு சப்ஜி செய்யச் சொல்லுவார். நமக்குப் பொரியலே போதும்.

அடித்தண்டின் வெளி நாரை உரித்துவிட்டு நகத்தால் அழுத்துங்கள். நகம் இறங்கினால் சமைக்கலாம், இறங்காவிட்டால் முற்றிவிட்டது. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, கடுகு, உளுந்து தாளித்து, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடி 10 நிமிடம் வேகவிடுங்கள். கடைசியில் தேங்காய்த் துருவல். பூவோடு சேர்த்துச் சமைப்பதானால் தண்டை 5 நிமிடம் முன்னாடியே போடுங்கள். இல்லையென்றால் தண்டு வேகும்போது பூ குழைந்துவிடும்.

காம்பு: சூப்புக்கு

பாலக் காம்பு இரண்டு கைப்பிடி, கொத்தமல்லித் தண்டு, கொஞ்சம் பச்சைப் பட்டாணித் தோல், பாதி வெங்காயம், 3 பல் பூண்டு, மிளகு, சீரகம். 3 டம்ளர் தண்ணீர் விட்டு குக்கரில் 2 விசில். ஆறியதும் அரைத்துக் கட்டாயம் வடிகட்டுங்கள். பட்டாணித் தோலின் உள்பக்கம் காகிதம் மாதிரி ஒரு படலம் இருக்கிறது. அது மெல்லவும் வராது, முழுசாக அரையவும் அரையாது. கோபி, முட்டைக்கோஸ் தண்டை இந்த சூப்பில் சேர்க்காதீர்கள். ரொம்ப நேரம் கொதித்தால் கந்தக வாசனை வந்துவிடும்.

எதைத் தொடக்கூடாது?

பச்சை நிறம் ஏறிய, முளைவிட்ட உருளைக்கிழங்கின் தோலில் சோலனைன் என்ற நச்சு இருக்கும். அது குப்பைக்கே போகட்டும்.

இன்னொரு சிக்கல் மயூர் விஹாருக்கே உரியது. சில்லா பக்கம் யமுனைப் படுகையில் காய்கறி விளைகிறது. பறித்த சூட்டோடு ரேடிக்கு வந்துவிடும். ஆனால் கிழக்கு டெல்லியின் யமுனைப் படுகைக் காய்கறிகளில் ஈயம் வரம்பை மீறி இருப்பதாக 2019-ல் நீரி ஆய்வு சொன்னது. உப்புத் தண்ணீரில் அலசினால் மண்ணும் பூச்சியும் மேலே படிந்த மருந்தில் கொஞ்சமும் போகும். செடி வேர் வழியாக உறிஞ்சிய ஈயம் போகாது. தோலைச் சீவி எறிந்தாலும் முழுசாகத் தப்ப முடியாது. அதனால் கீரை எங்கே விளைந்தது என்று ரேடிக்காரரிடம் கேட்டு வாங்குங்கள். பதில் யமுனா காதர் என்றால், காம்பு மட்டுமல்ல, அந்தக் கீரையே வேண்டாம்.

தினமும் செய்ய நேரமில்லை என்றால், கழுவித் துடைத்த காம்பையும் தண்டையும் டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள். இரண்டு, மூன்று நாள் தாங்கும். கையில் வழவழப்பாக ஒட்டினால் நேரம் கடந்துவிட்டது என்று அர்த்தம். வரம்பு நார், வடிகட்டிய சக்கை, இந்த வழவழத்த காம்பு: ஈரக்குப்பை டப்பாவுக்கு இவ்வளவு போனால் போதும்.