ஒரே நோயாளி, மூன்று கோட்பாடுகள்

கற்பனையாக ஒரு நோயாளியை வைத்துக்கொள்வோம். 54 வயது, சரக்கு லாரி ஓட்டுநர். சர்க்கரை நோயால் பாதத்தில் வந்த புண் ஆறாமல் அழுகிப்போனதால், வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அறுவைச் சிகிச்சை முடிந்து இன்று மூன்றாம் நாள். கட்டுப் பிரிக்கும்போது முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். பயிற்சி சொல்லித்தர வரும் பிசியோதெரபிஸ்டைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். மனைவியிடம், "நீ வர வேண்டாம், வீட்டைப் பார்" என்கிறார். ரத்தச் சர்க்கரை 280. எடுத்துவிட்ட கால் இன்னும் இருப்பதுபோல் வலிக்கிறது, இரவெல்லாம் தூக்கமில்லை. காலை ஷிஃப்டுக்கு வரும் நர்ஸ் இவரிடம் எங்கிருந்து தொடங்குவது?

நர்சிங் கோட்பாடுகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். நம் ஊரில் எம்.எஸ்சி. நர்சிங் படிப்பவர்களுக்குப் பெப்லாவ், ராய், வாட்சன் மூவருமே பாடத்தில் உண்டு. மூவரையும் ஒப்பிட்டுக் கட்டுரை எழுதச் சொன்னால், பலரும் மூன்று வாழ்க்கைக் குறிப்புகளையும் மூன்று வரையறைகளையும் அடுத்தடுத்து எழுதிவிட்டு, 'மூன்றும் நோயாளியின் நலனையே நாடுகின்றன' என்று முடித்துவிடுகிறார்கள். அதில் ஒப்பீடு எதுவும் இல்லை. ஒரே நோயாளியை மூவர் முன்னும் நிறுத்தினால்தான் யார் எங்கே பிரிகிறார்கள் என்பது தெரியும்.

பெப்லாவ்: இருவருக்கும் இடையே நடப்பது

ஹில்டெகார்ட் பெப்லாவ் அமெரிக்காவின் மனநல நர்சிங் துறையிலிருந்து வந்தவர். நோயாளிக்கும் நர்ஸுக்கும் இடையிலான உறவைப் பற்றிய அவருடைய புத்தகம் 1948இலேயே எழுதி முடிந்துவிட்டது. மருத்துவர் ஒருவரின் பெயர் இல்லாமல் ஒரு நர்ஸ் தனியாக இப்படிப் புத்தகம் போடுவதா என்ற தயக்கத்தால் 1952இல்தான் அச்சேறியது. மனநோயை மனித உறவுகளின் வழியாகப் பார்த்த ஹாரி ஸ்டாக் சல்லிவன் என்ற மருத்துவரின் சிந்தனை அவரை ஆழமாகப் பாதித்திருந்தது.

பெப்லாவின் பார்வையில் அந்த உறவே சிகிச்சை. அது நான்கு கட்டங்களாக வளரும். முதலில் இருவரும் அந்நியர்கள். பிரச்சினை என்ன என்பதைச் சேர்ந்து கண்டுபிடிக்கிறார்கள். இரண்டாவதில், தனக்கு உதவக்கூடியவர் இவர் என்று நோயாளி இனங்கண்டு சாய்கிறார். மூன்றாவதில், கிடைக்கும் உதவியை முழுதாகப் பயன்படுத்திக்கொள்கிறார். நான்காவதில், அந்தச் சார்பிலிருந்து விடுபட்டுத் தன் காலில் நிற்கிறார்.

நம் ஓட்டுநரிடம் இது இப்படித் தொடங்கலாம். "அண்ணே, மதியம் ரெண்டு மணி வரைக்கும் நான்தான் உங்களைப் பார்த்துக்கப் போறேன். நாளைக்குக் காலையிலயும் நான்தான் வருவேன்" என்கிறார் நர்ஸ். "தூக்க மாத்திரை மட்டும் குடுங்க சிஸ்டர், வேற ஒண்ணும் வேணாம்" என்கிறார் அவர். மாத்திரை பற்றி டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லிவிட்டு நர்ஸ் நகர்ந்திருக்கலாம். பெப்லாவைப் படித்தவர் இன்னொரு கேள்வி கேட்பார்: "தூக்கம் வராதப்ப மனசுல என்னண்ணே ஓடுது?" சற்று நேரம் கழித்துப் பதில் வருகிறது: "எங்கப்பாவுக்கும் இப்படித்தான் காலை எடுத்தாங்க. ஆறு மாசத்துல போயிட்டாரு." அவர் கேட்டது மாத்திரை, அவரை வதைப்பது பயம். முதல் கட்டத்தின் வேலை இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான்.

பதற்றத்தைப் பற்றிப் பெப்லாவ் சொன்னதும் இங்கே நேராக உதவும். லேசானது, நடுத்தரமானது, கடுமையானது, பீதி என்று அதை நான்கு நிலைகளாகப் பிரித்தார். லேசான பதற்றம் கற்றுக்கொள்ளத் துணைசெய்யும். கடுமையான நிலையிலோ, மனிதரின் கவனம் ஏதோ ஒரு துணுக்கில் சிக்கிக்கொள்ளும். புதிதாக எதுவும் உள்ளே இறங்காது. இந்த நிலையில் இருப்பவருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் முறையைச் சொல்லிக்கொடுத்து, 'கற்பிக்கப்பட்டது' என்று கேஸ் ஷீட்டில் எழுதினால் எழுத்துதான் மிஞ்சும். பதற்றத்தைத் தணிப்பது முதலில், பாடம் பிறகு.

இந்தக் கோட்பாட்டின் எல்லையும் இதற்குள்ளேயே இருக்கிறது. நோயாளி பேசவும் பதில் சொல்லவும் முடிய வேண்டும். நினைவிழந்து வென்டிலேட்டரில் கிடப்பவரிடம் இந்தக் கட்டங்கள் நகராது. ஷிஃப்டுக்கு ஒரு நர்ஸ் மாறும் வார்டில் ஒவ்வொரு முறையும் முதல் கட்டமே திரும்பத் திரும்ப நடக்கும் ஆபத்தும் உண்டு.

ராய்: மாற்றத்துக்கு மனிதரின் பதில்

சிஸ்டர் கலிஸ்டா ராய் ஒரு கத்தோலிக்கக் கன்னியாஸ்திரீ. குழந்தைகள் வார்டில் வேலை செய்தபோது, பெரிய மாற்றங்களிலிருந்தும் குழந்தைகள் மீண்டெழும் வேகத்தைக் கவனித்தார். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதுகலை படிக்கையில் அவருடைய ஆசிரியர் டோரதி ஜான்சன், நர்சிங்கின் இலக்கு என்ன என்று யோசிக்கத் தூண்டினார். ராய் கண்ட விடை: தகவமைப்பு. 1970இல் அது கட்டுரையாக வெளிவந்தது.

ராயின் கண் உறவின் மேல் இல்லை. நோயாளியின் எதிர்வினைகள் மேல் இருக்கிறது. அவற்றை நான்கு தளங்களில் பார்க்கச் சொல்கிறார். நம் நோயாளியிடம் உடல் தளத்தில் 280 சர்க்கரை, வலி, தூக்கமின்மை. தன்னைப் பற்றிய எண்ணம் என்ற தளத்தில், காயத்தைப் பார்க்க மறுப்பது. குடும்பத்திலும் சமூகத்திலும் வகிக்கும் பங்கு என்ற தளத்தில், இனி லாரி ஓட்ட முடியுமா என்ற கேள்வி. உறவுகளைச் சார்ந்திருத்தல் என்ற தளத்தில், மனைவியை வரவேண்டாம் என்பது.

எதிர்வினைகளைக் குறித்த பிறகு அவற்றின் காரணங்களைத் தேட வேண்டும். ராய் இவற்றைத் தூண்டல்கள் என்று அழைத்து மூன்றாகப் பிரிக்கிறார். நேரடியாக மோதுவது முதன்மைத் தூண்டல். இங்கே கால் இழப்பு. உடனிருந்து நிலைமையைக் கூட்டுவதோ குறைப்பதோ சூழல் தூண்டல். வலி, சர்க்கரை, கடன், வார்டின் இரைச்சல். பாதிக்கிறது என்று நர்ஸ் சந்தேகித்தாலும் இன்னும் உறுதியாகாதது எச்சத் தூண்டல். மாணவர்கள் அதிகம் தடுமாறுவது இந்த மூன்றாவதில்தான். நோயாளியின் பழைய நினைவுகள் அனைத்தையும் எச்சத் தூண்டல் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள். அப்பாவின் மரணம் ஓர் ஊகமாக இருக்கும்வரைதான் அது எச்சம். அவர் வாய் திறந்து சொன்ன கணத்தில் அது உறுதியாகிவிட்டது. பட்டியலில் இடம் மாற வேண்டும்.

தூண்டலை மாற்றினால் எதிர்வினை மாறும் என்பது ராயின் வழி. எனவே திட்டம் தெளிவாக எழும். டாக்டர் எழுதிய வலிமருந்தை, பயிற்சிக்கும் கட்டுப் பிரிப்பதற்கும் முன்பே வேலை செய்யத் தொடங்கும்படி நேரம் பார்த்துக் கொடுப்பது. முழங்கால் மடங்கியே இறுகிப்போகாமல் இருக்க, அதன் அடியில் தலையணை வைக்காமல் நீட்டி வைக்கச் சொல்வது. செயற்கைக் கால் பொருத்தி நடப்பவர் ஒருவரைச் சந்திக்க வைப்பது. சில நாள் கழித்து அதே நான்கு தளங்களையும் மறுபடி பார்த்து, எது மாறியது என்று மதிப்பிடுவது. மூன்று கோட்பாடுகளிலும் கேஸ் ஷீட்டில் எழுத எளிதானது இதுதான். நேரம் பிடிப்பதும் இதுதான். நான்கு தளம், மூன்று வகைத் தூண்டல் என்று முழுமையாக நிரப்ப, நெரிசலான வார்டில் அவகாசம் கிடைப்பது கடினம்.

வாட்சன்: அந்தக் கணம்

ஜீன் வாட்சன் கொலராடோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பரிவை நர்சிங்கின் மையமாக வைத்து 1979இல் எழுதிய புத்தகத்தில், பரிவின் 10 கூறுகளை வகுத்தார். நம்பிக்கையூட்டுவது, தன் உணர்வையும் பிறர் உணர்வையும் உணர்ந்திருப்பது, நல்லதோ கசப்போ நோயாளியின் உணர்வு வெளிப்பட இடம் தருவது ஆகியவை அவற்றில் சில. நர்ஸும் நோயாளியும் முழு மனிதர்களாகச் சந்திக்கும் ஒரு கணத்தில் இருவருமே மாறுகிறார்கள் என்கிறார் அவர்.

கட்டுப் பிரிக்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். திரையை இழுக்குமுன் நர்ஸ் ஒரு நொடி நின்று, அடுத்த படுக்கையின் நினைப்பை மனத்திலிருந்து இறக்கி வைக்கிறார். "அண்ணே, கட்டைப் பிரிக்கட்டுமா? பாக்க வேணாம்னா பாக்க வேணாம். வலிச்சாச் சொல்லுங்க, நிறுத்திடறேன்." செய்யும் வேலையில் எதுவும் கூடவில்லை, அதைச் செய்யும் விதம் மாறியிருக்கிறது. அவர் எரிந்து விழுந்தாலும் நர்ஸ் சமாதானம் சொல்ல அவசரப்படுவதில்லை. அந்தக் கோபத்துக்கு அங்கே இடம் இருக்கிறது.

பேச முடியாத நோயாளியிடமும் வாட்சனின் வழி செல்லுபடியாகும். நர்ஸ் எப்படி அங்கே நிற்கிறார் என்பதை அது கேட்கிறது. ஆனால் சர்க்கரை 280 என்றால் என்ன செய்வது என்று அது சொல்லாது. அந்தக் கணம் நிகழ்ந்ததா என்று காட்டுவதும் கடினம். பரிவை அளக்கும் வினாப்பட்டியல்கள் உருவாக்கப்பட்டிருந்தாலும், ரத்த அழுத்தத்தைப் போல அதை அளந்துவிட முடியாது.

உண்மையான வேறுபாடு

மூவரும் ஒன்றையே வெவ்வேறு சொற்களில் சொல்லவில்லை என்பதற்கு ஒரே ஒரு செயல் போதும்: காயத்தைப் பார்க்காமல் அவர் முகம் திருப்புவது. ராய்க்கு அது தகவமைப்புக்கு உதவாத எதிர்வினை; இத்தனை நாளுக்குள் காயத்தைப் பார்ப்பார் என்று இலக்கு வைத்து, அதை மாற்ற வேண்டும். பெப்லாவுக்கு அது பதற்றத்தின் செய்தி. இருவரும் சேர்ந்து அதன் பொருளைக் கண்டுபிடிக்க வேண்டும். வாட்சனுக்கு அது மதித்து ஏற்க வேண்டிய ஒரு வெளிப்பாடு. மாற்ற முனைவது நர்ஸின் முதல் வேலையே அல்ல. மூன்றையும் கலந்து பயன்படுத்துவோம் என்று எழுதும் மாணவர், மூன்றாம் நாள் காலையில் இந்த மூன்றில் எதைச் செய்வார் என்று சொல்லியாக வேண்டும்.

கட்டுரையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. ராயைப் பற்றிய பத்தியில் ராயின் பெயரை அடித்துவிட்டு வாட்சன் என்று எழுதிப் பாருங்கள். பத்தி இடறாமல் ஓடினால், அது எந்தக் கோட்பாட்டையும் பற்றியதல்ல. நல்ல நர்ஸைப் பற்றிய பொதுப் பேச்சு.

இந்த ஓட்டுநரைப் பொறுத்தவரை என் முடிவு இது. திட்டத்தின் சட்டகம் ராயிடமிருந்து வரட்டும். உடலும் வேலையும் குடும்பமும் ஒருசேரக் குலைந்திருக்கும் நிலையில், நான்கு தளங்களையும் விடாமல் பார்க்கவைப்பது அது ஒன்றுதான். ஆனால் அந்தச் சட்டகத்தின் மிக முக்கியமான கட்டம், அப்பாவின் மரணம், பெப்லாவின் கேள்வி இல்லாமல் வெறுமையாகவே கிடந்திருக்கும். எனவே அந்த உரையாடல் முதலில், இலக்கு பிறகு. காயத்தை எப்போது பார்ப்பது என்ற ஒன்றில் மட்டும் ராயின் கெடுவைத் தள்ளிவைத்து வாட்சனைப் பின்பற்றுவேன். அந்த நாளை அவரே குறிக்கட்டும். வீட்டுக்குப் போகும் நாள் நெருங்கியும் அவர் பார்க்கவில்லை என்றால் நிலைமை வேறு. இன்னொரு பாதத்தையும் தினமும் தானே சோதிக்க வேண்டியவர் அவர். கண்ணைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் அந்தக் காலையும் பறிக்கக்கூடும். அப்போது ராயின் இலக்கைத் திரும்பக் கையிலெடுப்பேன்.