தேறும் விலை

மார்ச் 31 ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஜவுளிக்கடைகளில் ஸ்டாக் எடுப்பார்கள். ஒருவர் அலமாரியிலிருந்து கட்டுக் கட்டாக இறக்கி எண்ணிக்கை சொல்ல, இன்னொருவர் நோட்டில் குறித்துக்கொள்வார். விடிவதற்குள் எண்ணி முடித்துவிடலாம். தகராறு வருவது அதற்குப் பிறகுதான். எண்ணியதற்கெல்லாம் என்ன விலை போடுவது?

வாங்கிய விலையைப் போட்டால் போயிற்று என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பாதி சரிதான். ஒரு உருப்படிக்கு இரண்டு தொகைகளைக் கண்டுபிடித்து, அவற்றில் எது குறைவோ அதைப் போட வேண்டும் என்பது விதி. ஒன்று, அடக்க விலை: வாங்கிய விலையும், கடைக்குக் கொண்டுவந்து சேர்த்த லாரி வாடகை, கூலி முதலியவையும் சேர்ந்தது. மொத்த வியாபாரி கொடுத்த தள்ளுபடியைக் கழித்துவிட வேண்டும். உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய ஜிஎஸ்டி இதில் சேராது. இன்னொன்று, அந்தச் சரக்கு வழக்கமான வியாபாரத்தில் விற்கும் விலையிலிருந்து, அதை விற்கும்படி ஆக்கவும் விற்கவும் ஆகும் செலவைக் கழித்தபின் கையில் நிற்பது. பாடப்புத்தகங்கள் இதற்கு நீளமாக ஒரு பெயர் வைத்திருக்கின்றன. கடையில் ‘தேறுமா தேறாதா’ என்று கேட்கிறோமே, அதேதான். இதைத் தேறும் விலை என்றே சொல்லிக்கொள்வோம்.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், இறுதிச் சரக்கிருப்பு நேராக லாபத்தில் போய் விழுகிறது. இருப்பை ஆயிரம் ரூபாய் கூட்டிப் போட்டால் அந்த வருஷ லாபம் ஆயிரம் ரூபாய் கூடிவிடும், ஒரு பொட்டலமும் விற்காமலே.

தென்மாவட்டத்து ஜவுளிக்கடை ஒன்றின் கணக்கை எடுத்துக்கொள்கிறேன். கடைக்காரரை அண்ணாச்சி என்றே வைத்துக்கொள்வோம். பட்டியலில் நூற்றுக்கணக்கான வரிகள் இருந்தாலும் விஷயம் புரிய நான்கு போதும்.

காட்டன் புடவை 200. ஒன்றின் அடக்கம் 600 ரூபாய், செலவு போகத் தேறுவது 820. பட்டுப்புடவை 20. அடக்கம் 7,000, தேறுவது 9,200. இவை இரண்டிலும் வம்பில்லை.

மூன்றாவது, சுடிதார் செட் 150. அடக்கம் 480 ரூபாய். இரண்டு தீபாவளிக்கு முன் வந்த டிசைன். இப்போது 350க்குக் கொடுத்தால்தான் கை வைக்கிறார்கள், அதிலும் விற்பனைக் கமிஷன் 20 போய்விடும். தேறுவது 330. நான்காவது, மடிப்பில் கறை விழுந்த குழந்தைகள் உடுப்பு 80. அடக்கம் 300. துவைத்து, இஸ்திரி போட்டு, புது அட்டை மாட்ட 40 ரூபாய் ஆகும். அதன்பின் 220க்கு விற்கும். தேறுவது 180.

அண்ணாச்சி கால்குலேட்டரில் மொத்தமாகத் தட்டினார். நான்கின் அடக்கமும் சேர்ந்து 3,56,000 ரூபாய். தேறுவது 4,11,900.

“மொத்தமாப் பாத்தா நஷ்டமே இல்லியே தம்பி. அடக்கம்தான் குறைச்சல். 3,56,000 போட்டு முடிச்சிருங்க” என்றார்.

கணக்கு பிழையில்லை, ஆனால் கேள்வி வேறு. சுடிதாரில் 22,500 ரூபாயும் குழந்தைகள் உடுப்பில் 9,600 ரூபாயும் போய்விட்டன. இரண்டும் சேர்த்து 32,100. இந்த நஷ்டம் ஏற்கெனவே நடந்தது, அலமாரியில் உட்கார்ந்திருக்கிறது. அதை அவர் கூட்டலில் மூடி மறைத்தது எது? புடவைகளில் இனிமேல் வரப்போகும் 88,000 ரூபாய் லாபம். அந்தப் புடவைகளை இன்னும் யாரும் வாங்கவில்லை, பில்லும் போடவில்லை. வராத லாபத்தை எடுத்து வந்த நஷ்டத்தை அடைக்கிற வேலை இது. லாபத்தை நேராக எழுதினால் எல்லோரும் தடுப்பார்கள். மொத்தக் கூட்டலில் அது சத்தமில்லாமல் உள்ளே வந்துவிடுகிறது.

அதனால்தான் உருப்படி உருப்படியாகப் பார்க்கச் சொல்கிறார்கள். காட்டன் புடவைக்கு அடக்கம் 1,20,000, பட்டுக்கு அடக்கம் 1,40,000, சுடிதாருக்குத் தேறும் 49,500, குழந்தைகள் உடுப்புக்குத் தேறும் 14,400. கூட்டினால் 3,23,900. அண்ணாச்சி சொன்னதைவிட சரியாக 32,100 குறைவு.

வரப்போகும் நஷ்டத்தை இப்போதே எழுது, வரப்போகும் லாபத்தை வந்த பிறகு எழுது என்ற இந்த ஓரவஞ்சனை பழைய வியாபார மரபு. 1953இல் உச்ச நீதிமன்றம் செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் இதற்கு முத்திரை குத்தியது. பிகானீருக்கு அனுப்பப்பட்ட வெள்ளிக் கட்டிகளை ஒட்டி எழுந்த வருமான வரி வழக்கு அது. தீர்ப்பை எழுதியவர் அப்போதைய தலைமை நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி, சென்னையில் வக்கீலாகவும் பிறகு நீதிபதியாகவும் இருந்தவர். சரக்கு விற்காமல் இருக்கும்போதே விலை ஏறியதற்காக வரி கேட்பது இறுதி இருப்பை மதிப்பிடுவதன் நோக்கமே அல்ல என்பது அதன் சாரம். இன்று இந்தியக் கணக்கியல் தரம் 2-உம், வரிக்கணக்குக்கான தனித் தரமும் அடக்கம், தேறும் விலை இவற்றில் குறைந்ததையே கேட்கின்றன.

சரி, உருப்படி என்பது எது? இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது. ஒவ்வொரு ஜாக்கெட் துணியையும் தனித்தனியாக எடைபோட யாராலும் முடியாது. ஒரே வகையைச் சேர்ந்து, ஒரே உபயோகத்துக்கு, ஒரே வட்டாரத்தில் விற்கிற, பிரித்துப் பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாத சரக்குகளை ஒன்றாகச் சேர்க்கலாம் என்று கணக்கியல் தரமே இடம் கொடுக்கிறது. ஆனால் ‘ரெடிமேட் எல்லாம்’, ‘முடிந்த சரக்கு எல்லாம்’ என்று வாரிக் கட்ட இடமில்லை.

அண்ணாச்சி கடையின் சாஃப்ட்வேரில் சுடிதார் செட் என்று ஒரே வரியில் 270 இருந்தது. அதில் 120 கடந்த தீபாவளிக்கு வந்தவை, நன்றாகவே ஓடுகின்றன. பழைய 150உம் அவற்றோடு ஒரே பெயரில் படுத்துக்கொண்டதால் சராசரி பார்க்க அழகாக இருந்தது. என் அனுபவத்தில் நஷ்டம் ஒளிந்துகொள்ள மிகச் சௌகரியமான இடம் இதுதான்: பெயர் ஒன்று, சரக்கு இரண்டு. எந்த வரியைப் பிரிப்பது என்று அறிய கடைசியாக விற்ற தேதியைப் பார்ப்பேன். ஆறு மாதமாக ஒன்றுகூட நகராத வரிக்குள் கதை இருக்கும்.

அடுத்து, 350 என்ற எண் எங்கிருந்து வந்தது? அட்டையில் 899 என்று அச்சடித்திருந்தது. அட்டை விலையைத் தேறும் விலையாக எடுத்தால் எந்தச் சரக்குக்கும் நஷ்டமே வராது. நமக்கு உதவியவை ஏப்ரல், மே பில்கள். கணக்கு முடிக்க ஜூன் ஆகிவிடுவதால், மார்ச் 31இல் இருந்த சரக்கு பிறகு என்ன விலைக்குப் போனது என்பது கையிலேயே இருக்கிறது. அந்த இரண்டு மாதத்தில் 11 செட் விற்றிருந்தது, எல்லாம் 340க்கும் 360க்கும் நடுவில். மார்ச் 31 அன்றே இருந்த நிலைமையை அந்தப் பில்கள் காட்டினால் அவை நல்ல சாட்சி. மே மாதம் கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்து துணி கெட்டது என்றால் அது அடுத்த வருஷத்து நஷ்டம். அதை மார்ச்சுக்கு இழுத்து வரக்கூடாது.

பின்கட்டில் தையல் பிரிவும் உண்டு. பள்ளிச் சீருடைக்காக மீட்டர் 110 ரூபாய்க்கு வாங்கிய துணி 400 மீட்டர் கிடந்தது. மார்ச்சில் அதே துணி சந்தையில் 85 ரூபாய். “இதையும் குறைச்சிருங்களேன்” என்றார் அண்ணாச்சி. வரி நினைவு வந்துவிட்டது அவருக்கு! ஆனால் அந்தத் துணியை அவர் துணியாக விற்கப்போவதில்லை. தைத்த சீருடைக்குத் துணி, கூலி, பட்டன் எல்லாம் சேர்ந்து 420 அடக்கம். பள்ளி ஒப்புக்கொண்ட விலை 520. சீருடை அடக்கத்துக்கு மேலே விற்கும் வரை துணியின் சந்தை விலை எவ்வளவு சரிந்தாலும் 110தான். சீருடையே அடக்கத்துக்குக் கீழே போயிருந்தால் மட்டும் துணியையும் இறக்கியிருப்போம். அப்போது இன்றைக்கு வாங்கினால் ஆகும் 85 ஓரளவு நம்பத்தக்க அளவுகோல். பள்ளி ஆர்டருக்கு மேல் துணி மிச்சம் இருந்தால், அந்த மிச்சத்துக்கு ஒப்பந்த விலை பொருந்தாது, பொது விலையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இந்த வேலையில் ஆட்கள் இரண்டு பக்கமும் இழுப்பார்கள். வங்கியில் சரக்கை ஈடு வைத்துக் கடன் வாங்கியவர் இருப்பு குறையவே கூடாது என்பார், குறைந்தால் எடுக்கக்கூடிய பணமும் குறையும். வரி கட்டுபவர் மொத்தத்திலும் பத்து சதவீதம் ‘பழசு’ என்று தள்ளிவிடலாமா என்பார். இரண்டுக்கும் பதில் ஒன்றே: எந்த உருப்படி, எத்தனை, எந்தப் பில்? வாய்க்கு வந்த பத்து சதவீதத்தில் நன்றாக விற்கும் பட்டுப்புடவையும் சேர்ந்து அடிபடுகிறது. அதிகாரி கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இராது.

எழுதிய 32,100 அடுத்த வருஷம் என்ன ஆகும்? இந்த வருஷ இறுதி இருப்பே அடுத்த வருஷத்தின் தொடக்க இருப்பு. சுடிதார் 330 என்று உள்ளே போகும், 350க்கு விற்று 20 கமிஷன் போனால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. நஷ்டம் தான் நடந்த வருஷத்திலேயே தங்கிவிட்டது. அதிசயமாக அந்த டிசைன் திரும்ப ஓட ஆரம்பித்து, விற்காத மிச்சம் அடுத்த மார்ச்சில் 520 தேறும் என்றால்? மறுபடி புதிதாகப் பார்க்க வேண்டும், விலை மேலே ஏறும். ஆனால் 480இல் நின்றுவிடும். அடக்கத்தைத் தாண்டாது.

அண்ணாச்சி ஒருவழியாகச் சம்மதித்தார். கையெழுத்துப் போட்டுவிட்டு, ஸ்டாக் நோட்டு எழுதும் பையனைக் கூப்பிட்டார்.

“ஏலே, அடுத்த வருசம் எண்ணிக்கைக்குப் பக்கத்துல இன்னொரு கட்டம் போடு. கடைசியா எப்ப வித்துச்சுன்னு எழுது.”

பையன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டான்.