வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை

தமிழக அரசின் விலையில்லா சைக்கிள் மாணவர் கைக்கு வருவது பதினோராம் வகுப்பில். ஆனால் வள்ளியூர் போன்ற ஊர்களில், சுற்றுக் கிராமத்துப் பிள்ளைகள் பலர் ஆறாம் வகுப்பிலேயே அண்ணனுடைய சைக்கிளையோ அப்பாவுடைய சைக்கிளையோ எடுத்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடுகிறார்கள். அந்த வயதில் பள்ளி அவர்களுக்குக் கொடுப்பது பெரும்பாலும் சாலைச் சின்னங்களின் படமும் ஓர் உறுதிமொழியும்தான். சின்னம் தெரியாததால் விழும் பிள்ளையைவிட, பின்னால் பார்க்கத் திரும்பியபோது சைக்கிள் இழுத்துக்கொண்டு போனதால் விழும் பிள்ளையைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். இது உடம்புக்குப் பழக வேண்டிய திறன். அதைப் பழக்க ஏற்ற இடம் பள்ளி மைதானம்.

வலப்பக்கம் திரும்ப வேண்டிய பிள்ளை முதலில் வலது தோளுக்கு மேல் பின்னால் பார்க்க வேண்டும். தலை திரும்பும்போது தோள் கூடவே திரும்பும். தோளோடு கையும், கையோடு ஹேண்டில்பாரும் வலப்பக்கம் சாயும். நாம் இடப்பக்கமாகப் போகிறவர்கள் என்பதால், இந்தச் சாய்வு முந்திவரும் வண்டியின் பாதையிலேயே கொண்டுபோய் விடும். அடுத்தது சைகை. நம் ஊர் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றில் முன் பிரேக் வலது கையில் இருக்கிறது. வலது கையை நீட்டியிருக்கும்வரை பின் பிரேக் மட்டுமே மிச்சம். அதனால் பார்ப்பது, கை காட்டுவது, கையை மீண்டும் பிடிக்குக் கொண்டுவருவது, மறுபடி ஒருமுறை பார்ப்பது, அதன் பிறகே திரும்புவது என்ற வரிசை யோசிக்காமலே வர வேண்டும்.

இதற்கு மைதானத்தில் வேண்டியது சுண்ணாம்புப் பொடியால் போட்ட இரண்டு இணைகோடுகள். இருபது மீட்டர் நீளம், முதலில் ஒரு மீட்டர் அகலம், பழகிய பின் அறுபது சென்டிமீட்டர். இருக்கையில் உட்கார்ந்தபடி கால்விரல்கள் தரையைத் தொடும்படி சைக்கிளைச் சரிசெய்துவிட்டு, பிள்ளையைக் கோடுகளுக்கு நடுவே ஓட்டச் சொல்ல வேண்டும். பின்னால் நிற்கும் ஆசிரியர் விரல்களைக் காட்டுவார். பிள்ளை திரும்பிப் பார்த்து எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். எண் சரியாக இருந்தாலும் சக்கரம் சுண்ணாம்பைக் கலைத்திருந்தால் பயிற்சி முடியவில்லை. கோடு கலையாமல் இருந்து எண் தவறானால், பிள்ளை பார்ப்பதுபோல் தலையை மட்டும் அசைத்திருக்கிறது. சாலையில் இதுதான் அதிக ஆபத்து. கோட்டின் முடிவில் நிறுத்தப் பழக்கினால் இன்னொன்றும் விளங்கும். மணிக்கு 15 கிலோமீட்டரில் வரும் சைக்கிள் நொடிக்கு நாலு மீட்டர் ஓடுகிறது. பிரேக் பிடிக்க மனம் முடிவெடுப்பதற்குள்ளேயே அந்த நாலு மீட்டர் போய்விடும். மணல் கிடக்கும் தரையில் நிற்கும் தூரம் இன்னும் நீளும்.

வள்ளியூருக்கே உரிய பாடம் காற்று. ஆனி, ஆடியில் காற்றாலைகளைச் சுழற்றும் மேல்காற்று, தெற்கே போகும் சைக்கிளை வலப்பக்கமிருந்து தள்ளும். ஓட்டுபவர் தன்னையறியாமல் வலப்பக்கம் சாய்ந்து ஈடுகொடுப்பார். ஒரு பஸ் முந்தும்போது அது காற்றை மறைக்கும்; எதிர்த்துத் தள்ள எதுவும் இல்லாததால் சைக்கிள் பஸ்ஸை நோக்கியே சரியும். எனவே காற்று அடிக்கும் மாதங்களிலும் பயிற்சியை நிறுத்தாமல், அதே கோட்டில் ஓட்டிப் பார்க்க வைப்பது நல்லது. வலப்பக்கச் சுவரோரமாகப் பாதை போட்டால், சுவர் முடியும் இடத்திலும் தொடங்கும் இடத்திலும் சைக்கிள் எப்படி இழுக்கிறது என்பது கைக்கே தெரியும்.

மைதானம் சாலையாகிவிடுமா என்ற கேள்வி நியாயமானது. 1998-இல் வெளியான மெல்போர்ன் ஆய்வொன்று, பள்ளிச் சைக்கிள் பயிற்சி காயங்களைக் குறைத்ததற்குச் சான்று காணவில்லை. சில சிறுவர்களிடம் ஆபத்து கூடியிருக்கலாம் என்ற ஐயத்தையும் எழுப்பியது. இதை ஒதுக்கிவிடக் கூடாது. திறன் வந்ததும் துணிச்சலும் வரும். ஆனால் வண்டியின் வேகத்தை மதிப்பிடும் கண் அதோடு சேர்ந்து வளர்ந்துவிடாது. லண்டன் பல்கலைக்கழகத்தின் ராயல் ஹாலோவே கல்லூரி ஆய்வாளர்கள் 2011-இல் காட்டியது அதைத்தான்: ஐந்து நொடித் தொலைவில் உள்ள வண்டி மணிக்கு ஏறத்தாழ 32 கிலோமீட்டருக்கு மேல் வேகமாக வந்தால், தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளால் அது நெருங்குவதை நம்பகமாக உணர முடியவில்லை. நான்குவழிச் சாலையில் வண்டிகள் வரும் வேகம் அதைவிட எவ்வளவோ அதிகம்.

ஆகவே மைதானப் பயிற்சி தருவது சைக்கிளை ஆளும் திறன் மட்டுமே, நெடுஞ்சாலைக்கான உரிமம் அல்ல என்பதைப் பெற்றோரிடமும் பிள்ளைகளிடமும் பள்ளி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனின் பைக்கபிலிட்டி பயிற்சியில்கூட முதல் நிலை மட்டும்தான் மைதானத்தில். இரண்டாம் நிலை, பயிற்றுநர் துணையோடு அமைதியான தெருவில். ‘சைக்கிளே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்களே’ என்றால், நாலைந்து சைக்கிள்களை மாற்றி மாற்றி ஓட்டினாலே போதும். ஒருவர் ஓட்ட மற்றவர்கள் கோட்டைக் கவனிப்பதும் கற்பதுதான். பள்ளி மேலாண்மைக் குழுக்கள் அடுத்த கூட்டத்திலேயே இதை எடுத்துப் பேசட்டும்: ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு உடற்கல்வி வேளை, சுண்ணாம்புப் பொடி, பிரேக் சரிபார்த்த நாலு சைக்கிள்கள்.