பன்றி வந்தது, பன்றி வந்தது!

நேற்றுப் பார்த்த படத்தின் கதையை லிப்ற்றில் நண்பருக்குச் சொல்லியிருக்கிறீர்களா? சென் ஜேம்ஸ் ரவுணில் உயரமான கட்டடங்கள்தானே! மேல் மாடிக்குப் போவதற்குள் முழுக் கதையும் சொல்லிவிடலாம். படத்தில் பேசிய வசனம் எல்லாம் உங்களுக்கு ஞாபகம் இராது. ஆனால் "முதலில் இது நடந்தது, அதனாலே அது நடந்தது" என்று சொல்லுவீங்கள். கதைப்பாடல் பாடியவர்களும் அப்படித்தான்.

கதைப்பாடல் என்றால் கதை சொல்லும் நீண்ட பாட்டு. தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியில் 'அண்ணன்மார் கதை' என்று ஒன்று இருக்கிறது. பொன்னர், சங்கர் என்ற இரண்டு அண்ணன்மாரும் அவர்களின் தங்கையும் அதில் வருவார்கள். 1965இல் பிரெண்டா பெக் என்ற ஆய்வாளர் அங்கே ஒரு கிராமத்தில் இதை ஒலிப்பதிவு செய்தார். பிறகு கனடாவில் இதை 26 பாகங்கள் கொண்ட கார்ட்டூன் படமாகவும் எடுத்தார்.

பாடகர்கள் புத்தகம் பார்த்துப் பாடவில்லை. உடுக்கை அடித்து, பல இரவுகள் பாடினார்கள். எப்படி முடிந்தது?

முதலாவது, கதை. கொம்பன் என்ற பெரிய காட்டுப்பன்றி வயலை அழித்தது. அதனால் அண்ணன்மார் வேட்டைக்குப் போனார்கள். பொன்னாச்சி என்ற குட்டி நாயை விட்டுவிட்டுப் போனார்கள். அதனால் நாய்க்குக் கோபம் வந்தது. கடைசியில் அந்தக் குட்டி நாய்தான் பன்றியை மடக்கியது! ஒன்று அடுத்ததை இழுத்து வருகிறது. ஆகவே பாடகர் வழி தவறமாட்டார்.

இரண்டாவது, திரும்ப வரும் அடி. இது நான் எழுதிய சின்ன உதாரணம்:

பாடகர்: பன்றி வந்தது, வயலை மிதித்தது.
பின்பாட்டுக்காரர்: ஆமா, வயலை மிதித்தது!

பின்பாட்டுக்காரர் பாடும்போது, முதல் பாடகர் மூச்சு வாங்குவார். அடுத்த வரியையும் யோசிப்பார். பேசிக்கொண்டிருந்தவர்கள் முதல் வரியைத் தவறவிட்டால், இரண்டாவது தடவை கேட்கலாம். ஆனால் இதையே புத்தகத்தில் வாசித்தால், "ஏன் சொன்னதையே சொல்லுகினம்?" என்று அலுப்பு வரும். அந்த அடி காதுக்காக வந்தது, கண்ணுக்காக அல்ல.

மூன்றாவது, எளிய மொழி. பழைய தமிழில் பன்றிக்கு 'ஏனம்' என்றும் ஒரு பெயர் உண்டு. "ஏனம் வந்தது" என்று பாடினால் என்ன நடக்கும்? பேச்சுத் தமிழில் ஏனம் என்றால் சமையல் பாத்திரம். "பாத்திரமா வந்தது?" என்று யோசிப்பதற்குள் பாட்டு அடுத்த வரிக்குப் போய்விடும். வாசிப்பவர் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கலாம். கேட்பவருக்கு அது முடியாது. அதனால்தான் 'பன்றி' என்றே பாட வேண்டும்.

புதிய சொற்கள்
உடுக்கை – கையில் பிடித்து அடிக்கும் சிறிய தோல் வாத்தியம்
பின்பாட்டு – முதல் பாடகரைத் தொடர்ந்து பாடுவது
அடி – பாட்டின் ஒரு வரி

செய்து பாருங்கோ
1. குட்டி நாய்க்கு ஏன் கோபம் வந்தது?
2. திரும்ப வரும் அடி பாடகருக்கு எப்படி உதவுகிறது?
3. இன்று பள்ளியில் நடந்த ஒன்றை நான்கு வரியில் பாடுங்கோ. நண்பர் பின்பாட்டுப் பாடட்டும். பிறகு, பின்பாட்டு இல்லாமல் பாடுங்கோ. எது கஷ்டம்?