அகல் எரிகிறது, சுவர் ஏன் இருட்டாக இருக்கிறது?

கணினியில் ஒரு பழைய வீட்டின் உட்பகுதியைக் கட்டி முடித்தாயிற்று. சுண்ணாம்பு அடித்த சுவர், மாடக்குழி, எதிரே நீல வண்ணக் கதவு. மாடக்குழியில் ஓர் அகல் விளக்கை வைத்து, சுடருக்கு மஞ்சள் நிறமும் கொடுத்தாகிவிட்டது. படத்தை எடுத்துப் பார்த்தால் சுடர் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. சுற்றியிருக்கும் சுவரோ விளக்கு இருப்பதையே அறியாததுபோல நிற்கிறது. முப்பரிமாணப் படம் செய்யத் தொடங்கும் ஏறக்குறைய எல்லோரும் இந்த இடத்தில் ஒருமுறை திகைத்து நிற்பார்கள்.

இந்தச் சிக்கலை பிளெண்டர் என்ற மென்பொருளை வைத்தே பார்ப்போம். அது இலவசம். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கார் விருதை வென்ற லாட்வியா நாட்டின் ‘ஃப்ளோ’ அதில்தான் உருவானது. மற்ற மென்பொருள்களில் பொத்தான்களின் பெயர் மாறலாம். ஒளியின் கணக்கு மாறாது.

உருவம் வேறு, ஒளி வேறு

நாம் செய்த சுடர் வெறும் உருவம். அதன் மேற்பரப்பு ஒளிர்வதாக மென்பொருளிடம் சொல்லியிருக்கிறோம், அவ்வளவுதான். பிளெண்டரில் படத்தைக் கணக்கிட முக்கியமான இரண்டு முறைகள் உண்டு. வேகமான `Eevee`, 4.2க்கு முந்தைய பதிப்புகளில், ஒளிரும் பொருளைப் பளிச்சென்று காட்டுமே தவிர, அதன் ஒளியைப் பக்கத்துச் சுவருக்கு நேரடியாகக் கொண்டுபோகாது. நிதானமான `Cycles` கொண்டுபோகும். ஆனால் சுடர் மிகச் சிறியது என்பதால் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இரைச்சல் விழும்.

எனவே சுடரின் நடுவில் `Point` வகை விளக்கு ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் வேலையைச் சுடர் உருவம் பார்த்துக்கொள்ளும், வெளிச்சம் தரும் வேலை இந்தப் புள்ளி விளக்குக்கு. வைத்த உடனே இன்னொரு கோளாறு வரலாம். சுடரின் உருவமே மறைப்பாக நின்று, உள்ளே இருக்கும் விளக்கின் ஒளியை வெளியே விடாது. சுடரைத் தேர்ந்தெடுத்து, `Object Properties` பக்கத்தில் `Visibility`, அதற்குள் `Ray Visibility` என்று போய் `Shadow` என்பதன் குறியை எடுத்துவிட்டால் சரியாகிவிடும். அகலுக்கு மட்டும் இதைச் செய்துவிடக் கூடாது. திரி அகலின் மூக்கில் எரிவதால், கிண்ணத்தின் நிழல் பின்பக்கமாகச் சாய்ந்து விழும். அந்த நிழல் இருந்தால்தான் அகல் மாடக்குழியில் உட்கார்ந்திருப்பதாகத் தெரியும்.

தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால்பங்கு

அடுத்தது வெளிச்சம் குறைந்துகொண்டே போகும் விதம். சிறிய சுடரிலிருந்து கிளம்பும் ஒளி எல்லாப் பக்கமும் பரவுகிறது. தூரம் இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிய வேண்டும், எனவே வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிறது. மூன்று மடங்குத் தூரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு.

நம் வீட்டில் இதைப் போட்டுப் பார்ப்போம். சுடருக்கும் மாடக்குழியின் பின்சுவருக்கும் இடையே 10 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அங்கே விழும் வெளிச்சம் 400 பங்கு என்றால், 20 செ.மீ. தொலைவில் 100 பங்கு, 1 மீட்டரில் 4 பங்கு, 2 மீட்டர் தள்ளியிருக்கும் எதிர்ச்சுவரில் வெறும் 1 பங்கு. ஒரே அறைக்குள் நானூறு மடங்கு வித்தியாசம். எதிர்ச்சுவர் இருட்டாக இருக்கிறதே என்று விளக்கின் திறனைக் கூட்டிக்கொண்டே போனால், மாடக்குழி வெள்ளைத் தாள்போல வெளுத்து, சுவரின் சொரசொரப்பு முழுக்க அழிந்துவிடும். எதிர்ச்சுவர் அப்போதும் மங்கலாகத்தான் இருக்கும்.

பிளெண்டரில் `Power` என்ற கட்டத்தில் போடும் வாட், மின்விளக்கு டப்பாவில் அச்சிட்ட வாட் அல்ல. அது வெளியே வரும் ஒளியின் ஆற்றல் மட்டும். அந்தக் கணக்கில் ஒரு மெழுகுவத்தி சுமார் 0.05 வாட்தான். அதை அப்படியே போட்டால் படம் கிட்டத்தட்ட கறுப்பாக வரும், ஏனென்றால் கேமராவின் ஒளியுணர்வு இவ்வளவு மங்கலான ஒளிக்கு ஏற்றபடி இல்லை. `Color Management` பகுதியில் உள்ள `Exposure` எண்ணை ஒன்று கூட்டினால் படம் இரட்டிப்பு வெளிச்சமாகும். ஐந்து கூட்டினால் 32 மடங்கு. அல்லது `Exposure` எண்ணைத் தொடாமல் விளக்கையே 1.6 வாட் ஆக்கலாம். அந்த அறையில் வேறு விளக்கு எதுவும் இல்லாதவரை இரண்டும் ஒரே விளைவுதான். 2 வாட்டில் தொடங்கிக் கண்பார்த்து மாற்றுவது எளிது.

இந்த எண்கள் எல்லாம் வீட்டின் அளவு சரியாக இருந்தால்தான் பொருந்தும். அறியாமல் வீட்டைப் பத்து மடங்கு பெரிதாகக் கட்டியிருந்தால், தூரங்களும் பத்து மடங்காகி, நூறு மடங்கு திறன் தேவைப்படும். ‘எவ்வளவு கூட்டினாலும் வெளிச்சமே வரவில்லை’ என்ற புலம்பலுக்குப் பல சமயம் இதுவே காரணம். `N` விசையை அழுத்தினால் வரும் பலகையில் அகலின் அளவைப் பாருங்கள். 8 செ.மீ. இருக்க வேண்டிய அகல் 80 செ.மீ. என்று காட்டினால் திருத்த வேண்டியது விளக்கை அல்ல, வீட்டை.

விளக்கின் `Radius` என்ற அளவும் கவனிக்க வேண்டியது. அது 0.1 மீ. என்று இருந்தால், 20 செ.மீ. குறுக்களவுள்ள ஒளிக்கோளம் மாடக்குழிக்குள் அடைபட்டிருக்கிறது என்று பொருள். அது பின்சுவரையே தொட்டுவிடும், நிழல்களும் கரைந்துபோகும். சுடர் 2 செ.மீ. உயரம் என்றால் 0.01 மீ. போதும். நிழலின் விளிம்பு பொருளுக்கு அருகே கூர்மையாகவும் தள்ளிப்போகப்போக மென்மையாகவும் விழும்.

சுடரின் நிறம், சுவரின் நிறம்

நிறத்துக்குக் கையால் ஆரஞ்சைத் தேர்ந்தெடுப்பதைவிட `Blackbody` என்ற முனையை விளக்கின் `Color` உடன் இணைப்பது நல்லது. வெப்பநிலையைச் சொன்னால் அதற்குரிய நிறத்தை அதுவே தரும். மெழுகுவத்தியின் ஒளி சுமார் 1900 கெல்வின். ஆனால் அந்த எண்ணைப் போட்டால் படம் அளவுக்கு மீறிச் செக்கச்செவேல் என்று வரும். காரணம், உண்மையான அறையில் உட்கார்ந்தால் நம் கண் சற்று நேரத்தில் அந்த மஞ்சளுக்குப் பழகிவிடுகிறது. மென்பொருளின் கேமரா பழகுவதில்லை. 2400 கெல்வின் அளவுக்கு உயர்த்தினால் நம் நினைவில் இருக்கும் விளக்கொளிக்கு நெருங்கி வரும்.

இப்போது அந்த நீலக் கதவைப் பாருங்கள். அது கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். சுடரின் ஒளியில் நீலம் மிகக் குறைவு. நீலக் கதவோ நீலத்தை மட்டும்தான் நன்றாகத் திருப்பி அனுப்பும். வராத நீலத்தை அது எங்கிருந்து அனுப்பும்? சுண்ணாம்புச் சுவர் எல்லா நிறத்தையும் திருப்பி அனுப்புவதால் பொன்னிறமாகிறது. விளக்கைச் சுற்றி ஆரஞ்சு வட்டம் வரைந்து ஒட்டும் குறுக்குவழி தோற்பது இந்த இடத்தில்தான். அது கதவின் மேலும் சுவரின் மேலும் ஒரே மஞ்சளைப் பூசும், ஒளி விழுந்ததாக இல்லாமல் புகை படிந்ததாகத் தெரியும்.

மாடக்குழி இன்னொரு சோதனையும் வைக்கிறது. சுடர் குழிக்குள்ளே, சுவரின் முகப்புக்குப் பின்னால் இருக்கிறது. ஆகவே குழியைச் சுற்றியுள்ள அதே சுவரின் வெளிமுகத்தில் நேரடி ஒளி ஒரு துளிகூட விழாது. தரையிலும் எதிர்ச்சுவரிலும் பட்டுத் திரும்பி வரும் மங்கலான ஒளி மட்டுமே அங்கே உண்டு. படத்தில் அந்த முகப்பு பளிச்சென்று ஒளிர்ந்தால், விளக்கு குழியைவிட்டு வெளியே நகர்ந்திருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

மாடக்குழியின் உட்புறம் இன்னும் வெளுத்தே நின்றால், `Cycles` முறையில் `Light Falloff` என்ற முனை உதவும். அதில் உள்ள `Smooth` எண்ணைச் சிறிது சிறிதாகக் கூட்டினால், விளக்குக்கு மிக அருகே மட்டும் ஒளியின் கடுமை தணியும். அதே முனையில் `Linear`, `Constant` என்ற வாய்களும் உண்டு. முதலாவதில் வெளிச்சம் மெதுவாகக் குறையும், இரண்டாவதில் குறையவே குறையாது. எதிர்ச்சுவரை எட்ட இது வசதியாகத் தோன்றும், ஆனால் அகல், அகல் போலவே இருக்காது, அறை முழுக்கக் குழல்விளக்கு போட்டதுபோல ஆகிவிடும். இருண்ட மூலைகளுக்குச் சரியான வழி, `World` பகுதியில் கருநீல நிறத்தைக் கொடுத்து, அதன் `Strength` எண்ணை 0.01 அளவில் வைத்துத் தொடங்குவது. அந்த மெல்லிய இரவொளியின் பக்கத்தில் சுடரின் பொன்னிறமும் எடுப்பாகத் தெரியும். ஒளி உள்ளே வர ஜன்னலோ வாசலோ திறந்திருக்க வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

அசையும் படமாக இருந்தால் சுடர் துடிக்க வேண்டும். `Power` கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக இதைத் தட்டச்சு செய்யலாம்:

```
#2+0.2*sin(frame*0.9)+0.1*sin(frame*2.3)
```

திறன் 2 வாட்டைச் சுற்றி ஏறி இறங்கும். இரண்டு வேகங்கள் கலந்திருப்பதால் ஒரே தாளத்தில் மின்னுவதாகத் தோன்றாது. கூடவே புள்ளி விளக்கைச் சுடரோடு பிணைத்து, சுடரோடு சேர்ந்து அதுவும் சில மில்லிமீட்டர் அசையும்படி செய்ய வேண்டும். விளக்கு அசைந்தால்தான் நிழலும் அசையும்.

சரிபார்க்கும் வழி

கண் ஏமாறும், எண் ஏமாறாது. `World` ஒளியை அணைத்துவிட்டு, `Light Paths` பகுதியில் `Max Bounces` என்பதன் கீழுள்ள `Total` எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். விளக்கைத் திறந்த வெளிக்கு நகர்த்தி, பளபளப்பில்லாத இரண்டு வெள்ளை அட்டைகளை அதைப் பார்த்தபடி, ஒன்றை அரை மீட்டரிலும் இன்னொன்றை ஒரு மீட்டரிலும், ஒன்றையொன்று மறைக்காமல் வையுங்கள். படத்தை எடுத்து, அட்டைகளின் மேல் வலது பொத்தானை அழுத்திப் பிடித்தால் அந்த இடத்தின் எண்கள் கீழே தெரியும். `Light Falloff` முனை இல்லாத நிலையில், அருகிலுள்ள அட்டையின் எண் மற்றதைப்போல நான்கு மடங்கு இருந்தால் வெளிச்சம் சரியாகக் குறைகிறது. இரண்டு மடங்குதான் என்றால் எங்கோ `Linear` இணைந்திருக்கிறது. இரண்டும் சமம் என்றால் `Constant`. நான்கு மடங்கு வந்த பிறகும் படம் பிடிக்கவில்லை என்றால், விளக்கை விட்டுவிட்டு `Exposure` எண்ணில் கை வையுங்கள்.