கடல் சூடானால் காற்று எந்தப் பக்கம் வீசும்?

‘தென்மேற்குப் பருவக்காற்று உருவாகும் விதத்தை விளக்குக’ என்பது புவியியல் தேர்வுகளில் தவறாமல் வரும் கேள்வி. அதற்கு எழுதப்படும் விடைகளில் அடிக்கடி தலைகாட்டும் ஒரு வாக்கியம் உண்டு: ‘கோடையில் கடல் சூடாகிறது, அதனால் கடலிலிருந்து காற்று நிலத்தை நோக்கி வீசி மழை தருகிறது.’ படிக்கும்போது இதில் பிழை இருப்பதே தெரியாது. வெயில், கடல், காற்று, மழை எல்லாம் வரிசையாக வந்துவிடுகின்றன. ஆனால் காற்றைத் தள்ளுவது எது என்பது மட்டும் அதில் இல்லை. இருக்கும் காரணமும் தலைகீழானது.

அந்த வாக்கியத்தை அப்படியே உண்மையென்று வைத்துக்கொண்டு, அது எங்கே கொண்டுபோய்விடுகிறது என்று பார்க்கலாம். ஓர் இடம் சூடானால் அதன் மேலுள்ள காற்றும் சூடாகி, விரிந்து, லேசாகி மேலே எழும். அங்கே காற்றழுத்தம் குறையும். காற்று எப்போதும் அழுத்தம் கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்கு ஓடும். ஆகவே நிலத்தைவிடக் கடல்தான் அதிகம் சூடாகிறது என்றால், தாழ்வழுத்தம் கடல்மேல் உண்டாக வேண்டும். காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போக வேண்டும். கேரளத்தில் ஜூன் மாதம் நடப்பதற்கு இது நேர் எதிர்த் திசை. தன் காரணத்தைப் பின்பற்றிப் போனால் தன் முடிவையே மறுக்கிற விடை இது.

சென்னைக் கடற்கரையில் தினமும் நடப்பதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மே மாதத்தில் காலை பத்து மணிக்கெல்லாம் தார்ச்சாலை கொதிக்கத் தொடங்கிவிடும். கடல்நீரோ காலையில் இருந்தபடியே இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று உள்ளே வரும். வெப்பமானி சட்டென்று இறங்கும். மேற்கிலிருந்து வரும் தரைக்காற்று வலுவாக இருக்கும் நாளில் கடல்காற்று தாமதமாகும். அன்றைக்குத்தான் சென்னையில் 40 டிகிரி தாண்டும். கடல்காற்று வருவது கடல் சூடானதால் அல்ல, தரை சூடாகியும் கடல் சூடாகாமல் நின்றதால். இரவில் தரை விரைவில் ஆறிப்போக, காற்று திரும்பித் தரையிலிருந்து கடலுக்கு வீசும். மீனவர்கள் காலங்காலமாகக் கணக்கில் வைத்திருக்கும் மாற்றம் இது.

தரைக்கும் நீருக்கும் ஏன் இந்த வேறுபாடு? ஒரு கிலோ நீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ உலர்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த ஒரு காரணத்தோடு பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. ஆனால் கடலின் நிதானத்துக்கு இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. தரையில் விழும் வெயில் மேலோட்டில்தான் தங்குகிறது; பகலின் சூடு சில பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் இறங்குவதில்லை. கடலில் வெயில் நீருக்குள் ஊடுருவுகிறது. அலையும் காற்றும் மேல்நீரைக் கலக்கிப் பல பத்து மீட்டர் ஆழத்துக்கு வெப்பத்தைப் பங்கிட்டுவிடுகின்றன. போதாததற்கு, வந்த வெப்பத்தில் ஒரு பகுதி நீரை ஆவியாக்குவதில் செலவாகிறது. இரண்டு தகர டப்பாக்களில் மணலையும் நீரையும் நிரப்பி, வெப்பமானி வைத்து வெயிலில் ஒரு மணி நேரம் விட்டால், மணலின் மேல்பரப்பு எவ்வளவு முந்திவிடுகிறது என்று கண்ணால் காணலாம். நிழலுக்கு மாற்றினால் ஆறுவதிலும் மணல்தான் முந்தும்.

இதே நாடகம் நாள்கணக்கில் இல்லாமல் மாதக்கணக்கில், ஒரு துணைக்கண்ட அளவில் நடந்தால் பருவக்காற்று. 1686-இல் எட்மண்ட் ஹாலி, வால்நட்சத்திரத்தோடு பேர் சேர்ந்துபோன அதே வானியலாளர், வணிகக் காற்றையும் பருவக்காற்றையும் ஒரு வரைபடத்தில் குறித்து, வெப்ப வேறுபாடே காரணம் என்று எழுதினார். பூமி சுழல்வது காற்றை வளைக்கிறது என்ற அடுத்த பகுதியை 1735-இல் ஜார்ஜ் ஹாட்லி சேர்த்தார்.

ஜூலை மாத அழுத்த வரைபடத்தில் இதைப் படிக்கலாம். ராஜஸ்தான், பாகிஸ்தான் பக்கம் தாழ்வழுத்தம். எண் 995 மில்லிபாரை ஒட்டி இருக்கும். தெற்கே, மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் மஸ்கரீன் உயரழுத்தம். அங்கே 1,020-க்கு மேல் போகும். தென்கோளத்தில் அப்போது குளிர்காலம் என்பதை மறந்துவிடக் கூடாது. அந்த உயரழுத்தத்திலிருந்து கிளம்பும் காற்று, தென்கிழக்கிலிருந்து வடமேற்காக நிலநடுக்கோட்டை நோக்கி ஓடுகிறது. கோட்டைத் தாண்டியதும் பூமியின் சுழற்சி அதை வலப்பக்கம் வளைக்கிறது. ஆகவே தென்கிழக்குக் காற்று தென்மேற்குக் காற்றாகிறது. சோமாலியா கரையை ஒட்டித் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் ஒரு வேகமான காற்றோட்டமாக ஓடி அரபிக்கடலைக் கடந்து மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து முட்டுகிறது. ‘கடல் சூடாகிறது’ என்று எழுதுகிறவர் தவறவிடுவது இந்த இரு முனைகளையும்தான்: வடக்கே குறைந்த அழுத்தம், தெற்கே கூடிய அழுத்தம்.

கடல் வெப்பநிலையின் ஆண்டுக் கணக்கு இதைவிடத் தெளிவான சோதனை. அரபிக்கடல் மிகச் சூடாக இருப்பது ஏப்ரல், மே மாதங்களில்; பல இடங்களில் மேல்நீர் 30 டிகிரியை எட்டும். பருவக்காற்று வந்து வலுக்கும் ஜூன், ஜூலையில் கடல் குளிர்ந்துகொண்டே போகும். பலத்த காற்று நீரைக் கலக்குகிறது, ஆவியாக்குகிறது. சோமாலியா கரையோரம் அடிநீர் மேலெழுந்து சில இடங்களில் 20 டிகிரிக்கும் கீழே கொண்டுபோகிறது. காற்று உச்சத்தில் இருக்கும்போது கடல் ஆறிப்போயிருக்கிறது. காரணம் என்று சொல்லப்பட்டது இங்கே விளைவின் கையில் அடிபடுகிறது.

ஆனால் பாடப்புத்தகத்தின் ‘நிலம் சூடாவதால்’ என்ற வரியும் முழுக் கதை அல்ல. நிலம் மிகச் சூடாக இருப்பது மே மாதத்தில். மழையும் மேகமும் வந்த ஜூலையில் அது ஆறிவிடுகிறது. ஆனாலும் காற்று ஜூலையில்தான் வலுவாக வீசுகிறது. மழை குறைந்த ஆண்டுகளில் நிலம் இன்னும் சூடாக இருக்கிறது, பருவக்காற்றோ மெலிகிறது. இந்திய வானிலை அறிஞர் சுலோச்சனா காட்கில் இதைச் சுட்டிக்காட்டி, பருவக்காற்று ஒரு பெரிய கடல்காற்று மட்டுமல்ல, வெப்பமண்டலத்தில் காற்றுகள் கூடும் மழைப்பட்டை கோடையில் வடக்கே நகர்ந்து வருவதே அதன் அடிப்படை என்று வாதிட்டார். மழை பெய்யும்போது நீராவி வெளிவிடும் வெப்பம் வளிமண்டலத்தின் நடு அடுக்குகளைச் சூடாக்கி, தாழ்வழுத்தத்தை ஆறவிடாமல் காக்கிறது. நிலத்தின் வெயில் தொடக்கி வைத்ததை மழையே தொடர்ந்து நடத்துகிறது எனலாம். இந்த விளக்கத்திலும் காற்றைத் தள்ளுவது அழுத்த வேறுபாடுதான். அந்த வேறுபாடு எப்படி நிற்கிறது என்பதில்தான் சர்ச்சை.

இலையுதிர்ப் பருவத்தில் எல்லாம் திரும்பும்போது பிழை வேறு உருவில் வரும்: ‘குளிர்காலத்தில் கடல் சூடாகிறது, அதனால் வடகிழக்குப் பருவக்காற்று.’ இதில் திசைக் கணக்கு மட்டும் பொருந்திப் போகிறது. கடலின் அழுத்தம் நிலத்தைவிடக் குறைவாக இருப்பது உண்மைதான். ஆனால் கடல் சூடாவதில்லை. வங்கக் கடலும் அக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் சில டிகிரி ஆறுகிறது, நிலத்தைவிட மெல்ல. ஆசியாவின் உட்பகுதி பனியில் உறைந்து சைபீரியாவில் 1,035 மில்லிபாரை ஒட்டிய உயரழுத்தம் நிலைகொள்கிறது. அங்கிருந்து தெற்கே குறைந்துகொண்டே வரும் அழுத்தச் சரிவில் காற்று வடகிழக்காக இறங்குகிறது. வங்கக் கடலைக் கடக்கும்போது ஈரத்தைச் சேர்த்துக்கொள்வதால் தமிழகக் கரைக்கு மழை. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் இந்த மூன்று மாதங்களில் வருகிறது. வாடை என்றும் கொண்டல் என்றும், ஈழத்தில் சோழகம், கச்சான் என்றும் தமிழ் திசைக்கொரு பெயர் வைத்திருப்பதே இந்தத் திருப்பம் எவ்வளவு பழகியது என்று காட்டுகிறது.

பிழை எங்கிருந்து வருகிறது என்பதையும் கண்டுபிடிக்கலாம். சிறு வகுப்பில் ‘சூரிய வெப்பத்தால் கடல்நீர் ஆவியாகி மேகமாகிறது’ என்று படித்தது மனத்தில் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அது ஈரம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு விடை. காற்று ஏன் திரும்புகிறது என்பது வேறு கேள்வி. இரண்டும் ஒரே பதிலாகக் குழைந்துவிடுகின்றன. எல் நினோ பற்றிய செய்திகளும் கடலின் வெப்பத்தைத்தான் பேசுவதால் குழப்பம் கூடுகிறது. சோதித்துப் பார்க்க விரும்பும் ஆசிரியர் ஒரு துணைக்கேள்வி கேட்டால் போதும்: கடல்மேல் காற்று சூடானால் அது எந்தப் பக்கம் போகும்? மேலே என்று மாணவர் சொன்னால் அடுத்த வரி தானே சரியாகிவிடும். நிலத்தை நோக்கி என்றால், வெப்பத்துக்கும் அழுத்தத்துக்கும் இடையிலுள்ள படியையே அவர் படிக்கவில்லை.

எல் நினோவுக்கு உண்மையில் உள்ள பங்கு வேறு. 2015-இல் பசிபிக் பெருங்கடலில் வலுவான எல் நினோ இருந்தது. அந்த ஆண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை நீண்டகாலச் சராசரியில் 86 விழுக்காடுதான். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று வழக்கம்போலத் தென்மேற்கிலிருந்துதான் வீசியது, மழைதான் குறைந்தது. பிறகு காற்று திரும்பி வடகிழக்கிலிருந்து வந்தபோது, நவம்பர், டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது.