ஒரே புள்ளிக்கு இரண்டு உயரம்

அமெரிக்காவுக்குப் படிக்கப் போன ஒரு மாணவி, வீட்டுப்பாடக் கணக்கைப் படமெடுத்து விரிவுரையாளருக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்: “வணக்கம். r = 2, θ = 30°, φ = 90° என்ற புள்ளியின் உயரம் z எவ்வளவு? என் இரண்டு வகுப்புக் குறிப்புகளும் இரண்டு விடை தருகின்றன.”

இரண்டுமே சரிதான். இயற்பியலில் z அச்சிலிருந்து சாயும் கோணம் θ; எனவே z = 2 cos 30°, ஏறக்குறைய 1.73. அங்குள்ள கால்குலஸ் பாடநூல்கள் பலவற்றில் அந்தக் கோணத்தின் பெயர் φ; z = 2 cos 90°, அதாவது பூஜ்யம். கணக்கு மட்டும் தெரியும் படத்தை வைத்து விரிவுரையாளராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. எந்தப் பாடம், எந்த அத்தியாயம் என்று கடிதத்திலேயே எழுதிவிட வேண்டும். கோணங்களின் எல்லைகளும் படத்தில் விழுந்திருந்தால் சந்தேகமே இல்லை: 0 முதல் π வரை போவது z அச்சிலிருந்து அளக்கும் கோணம், 2π வரை சுற்றுவது மற்றது.